ஃபுட்பால் அகாடமி ட்ரயல்ஸ் அறிவிப்பை வரிவரியாகப் படிப்பது எப்படி: முதல்முறை போகும் பெற்றோருக்கு

ஏப்ரல் பிறந்தால் போதும், வாட்ஸ்அப் குரூப்களில் ட்ரயல்ஸ் போஸ்டர்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். ஒரு படம், அதன் கீழே ஏழெட்டு வரி. அந்த வரிகளை நம்பித்தான் பணம் கட்டுகிறோம், லீவு போடுகிறோம், பிள்ளையை விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிப்போகிறோம். என் மகனை அண்டர்-13 பிரிவில் சேர்ப்பதற்காக அலைந்தபோது, போஸ்டரில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு கேள்வி இருப்பது புரிந்தது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதினாலும் கோவை, மதுரை, திருச்சிக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

முதலில் ஒரு மாதிரி அறிவிப்பைப் பாருங்கள். இது எந்த அகாடமியுடையதும் அல்ல. வழக்கமாக வரும் வாசகங்களைச் சேர்த்து நானே எழுதியது. தொகைகளும் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் வைத்தவைதான்.

> ஓப்பன் ட்ரயல்ஸ்! சீசன் 2026–27
> அண்டர்-11, அண்டர்-13, அண்டர்-15, அண்டர்-17
> அண்டர்-13: 01.01.2014 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்
> ரிப்போர்ட்டிங்: காலை 6.00 மணி
> கொண்டுவர வேண்டியவை: பூட்ஸ், ஷின் கார்டு, தண்ணீர் பாட்டில், ஒரிஜினல் சான்றிதழ்கள்
> தேர்வு: இரண்டு கட்டங்கள்
> பதிவுக் கட்டணம் ரூ. 500 (திரும்பத் தரப்படாது)
> தேர்வானவர்களுக்கு மாதக் கட்டணம் ரூ. 3,000 முதல் + வரி. அட்மிஷன், கிட் தனி.
> இடங்கள் குறைவு!

இதை வரிவரியாகப் பார்ப்போம்.

1. வயதுப் பிரிவு: பிள்ளையின் வயதை விடுங்கள், பிறந்த வருஷத்தைப் பாருங்கள்

"பையனுக்குப் பன்னிரண்டுதான் ஆகுது, அதனால அண்டர்-13" என்று கணக்குப் போடாதீர்கள். கிளப் கால்பந்தில் பிரிவு பிரிப்பது ஜனவரி 1-ஐ வைத்து. சீசன் 2026–27 என்றால், பொதுவாக இரண்டாவது வருஷமான 2027-இலிருந்து பிரிவின் எண்ணைக் கழிப்பார்கள். 2027-இலிருந்து 13 போனால் 2014. ஆக அண்டர்-13 என்பது 2014-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு. இதே கணக்கில் அண்டர்-15-க்கு 2012, அண்டர்-17-க்கு 2010. சில அகாடமிகள் முதல் வருஷத்தை வைத்துக் கணக்குப் போடுவதும் உண்டு. அதனால் அறிவிப்பில் தேதி அச்சிட்டிருந்தால் அந்தத் தேதிதான் கணக்கு. தேதி இல்லாமல் "அண்டர்-13" என்று மட்டும் போட்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் போன் செய்து "எந்தத் தேதிக்குப் பிறகு பிறந்திருக்கணும்?" என்று கேட்டுவிடுங்கள்.

2013 டிசம்பர் 28-இல் பிறந்த பிள்ளைக்கும் 2014 ஜனவரி 3-இல் பிறந்த பிள்ளைக்கும் இடையே ஆறு நாள்தான். ஆனால் முதல் பிள்ளை அண்டர்-15-க்குப் போக வேண்டும், இரண்டாவது பிள்ளை அண்டர்-13-இலேயே மூத்த பிள்ளையாக நிற்கும். ட்ரயல் அன்று மேஜையில் இதைச் சொல்லி யாரும் விலக்குத் தர முடியாது. லீக்கில் பதிவு செய்யும்போது அந்தத் தேதி மாட்டிக்கொள்ளும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பள்ளிப் போட்டிகளோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பள்ளி அளவில் தேசியப் போட்டிகள் 14, 17, 19 என்ற பிரிவுகளில் நடக்கின்றன. கிளப் லீக்குகளில் 13, 15, 17. பள்ளியில் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிற பிள்ளை அகாடமியில் அண்டர்-13-இலும் இருக்கலாம், அண்டர்-15-இலும் இருக்கலாம். பி.டி. மாஸ்டர் சொன்ன பிரிவை அப்படியே படிவத்தில் எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயத்தைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. இரண்டு வருஷப் பிரிவில், 2014 ஜனவரியில் பிறந்தவனும் 2015 நவம்பரில் பிறந்தவனும் ஒரே மைதானத்தில் நிற்பார்கள். கிட்டத்தட்ட இரண்டு வயது வித்தியாசம். அந்த வயதில் அது ஒரு தலை உயரம். பெரியவன் தோளால் இடித்துப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான், சின்னவன் திணறுவான். நல்ல கோச் இதைப் பார்த்தே எடைபோடுவார். சிலர் நெஞ்சு எண்ணுக்குப் பக்கத்தில் பிறந்த வருஷத்தையும் குறித்துக்கொள்வார்கள். உங்கள் பிள்ளை பிரிவில் இளையவன் என்றால், "ட்ரயலில் ஒவ்வொரு வருஷத்துப் பிள்ளைகளையும் தனியாக ஆடவிடுவீர்களா, எல்லாரையும் கலந்தா?" என்று முன்னாடியே கேளுங்கள். தனியாக ஆடவிடும் இடத்துக்கு முதலில் போங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வரி. "அண்டர்-13" என்று பொதுவாகப் போட்டிருந்தால் பெண்களுக்குத் தனி அணி இருக்கிறதா, ஆண்களோடு சேர்த்துப் பயிற்சியா என்பதைப் போனிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நேரில் போன பிறகு "இந்த வருஷம் கேர்ள்ஸ் டீம் இல்லை" என்று கேட்பது பிள்ளைக்குப் பெரிய ஏமாற்றம்.

2. சான்றிதழ்கள்: ட்ரயலுக்கு இரண்டு மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள்

"ஒரிஜினல் சான்றிதழ்கள்" என்ற இரண்டு சொற்களில்தான் அதிகம் பேர் தடுக்கிவிழுகிறார்கள். பொதுவாகக் கேட்பவை பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியிலிருந்து போனஃபைட், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பெற்றோர் ஒப்புதல் கடிதம். சில இடங்களில் டாக்டரின் உடற்தகுதிச் சான்றும் கேட்பார்கள். இதில் பிறப்புச் சான்றிதழ்தான் அச்சாணி. ஆதாரை அடையாளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அது பிறந்த தேதிக்கான ஆதாரம் அல்ல.

சான்றிதழை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் பெயர். நம் ஊரில் ஆஸ்பத்திரியிலேயே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பெயர் சூட்டுவது அப்புறம்தான். அதனால் நிறையச் சான்றிதழ்களில் பிள்ளையின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கும். பெயர் இல்லாத சான்றிதழை எந்த அகாடமியும் லீக் பதிவுக்குப் பயன்படுத்த முடியாது. நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இருந்தவரிடம் மேஜையில் இருந்த பெண் சான்றிதழைத் திருப்பிக் காட்டி, "சார், இதுல அப்பா பேர், அம்மா பேர் எல்லாம் இருக்கு. பையன் பேரே இல்லையே?" என்றார். அவர் பத்து வருஷமாக அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. பையனை அன்று ஆட விட்டார்கள், ஆனால் பெயர் சேர்த்துக் கொண்டுவரும் வரை இடம் உறுதி இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

பெயர் சேர்க்கப் பிறப்பு எங்கே பதிவானதோ அந்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். இங்கேதான் சிக்கல். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தால், சென்னையில் வளரும் பிள்ளையின் பிறப்பு தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ பதிவாகியிருக்கும். பதிவாகி ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் ட்ரயலுக்கு முந்தைய வாரத்தில் நடக்கிற வேலை அல்ல. சான்றிதழ் ஏற்கெனவே இணையத்தில் ஏறியிருந்தால் crstn.org தளத்தில் தேடிப் பதிவிறக்கலாம். சென்னை மாநகராட்சிக்குள் பிறந்த பிள்ளை என்றால் மாநகராட்சியின் தளத்தில் பாருங்கள்.

அடுத்து இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் "கவின்", ஆதாரில் "கவின் செல்வராஜ்", பள்ளியில் "எஸ். கவின்". நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. இணையப் பதிவில் அது மூன்று பேர். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆதாரைப் பிறப்புச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுங்கள். எதிர்த்திசையில் போக வேண்டாம்.

மூன்றாவது, பதிவான தேதி. பிறந்த தேதிக்குக் கீழே அதுவும் இருக்கும். பிறந்த சில நாட்களில் பதிவாகியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பிறந்து எட்டு, ஒன்பது வருஷம் கழித்துப் பதிவான சான்றிதழைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். வயதைக் குறைத்துக் காட்டும் வேலை பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. உங்கள் பிள்ளையின் பிறப்பு நியாயமான காரணத்தால் தாமதமாகப் பதிவாகியிருந்தால் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை போன்ற பழைய தாள்களையும் எடுத்துப்போங்கள்.

எல்.கே.ஜி. சேர்க்கும்போது வயது போதாமல் பள்ளியில் தேதியை முன்தள்ளிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. அந்தத் தேதிதான் போனஃபைடில் வரும். சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டால் முதலில் பள்ளிப் பதிவைத் திருத்துங்கள்.

3. எலும்பு வயதுச் சோதனை: போஸ்டரில் இருக்காது, ஆனால் வரும்

இந்தியக் கால்பந்தில் இளையோர் லீக்குகளுக்கு டிடபிள்யூ-3 என்ற முறையில் எலும்பு வயது பார்க்கிறார்கள். இடது கை மணிக்கட்டையும் விரல்களையும் எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வளர்ச்சிக் குருத்துகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று மதிப்பெண் போட்டு வயதைக் கணிக்கும் முறை அது. ஊசி கிடையாது, வலி கிடையாது.

இது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. பிறந்த நாளை அல்ல. சீக்கிரம் வளர்த்தியாகிவிட்ட பிள்ளைக்கு, சான்றிதழ் நூறு சதவீதம் உண்மையாக இருந்தாலும், எலும்பு வயது பிரிவைத் தாண்டி வரலாம். மீசை அரும்பிவிட்ட, வகுப்பிலேயே உயரமான பன்னிரண்டு வயதுப் பையன் என்றால் இந்தச் சாத்தியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. சோதனை எப்போது: கட்டணம் கட்டுவதற்கு முன்பா, பிறகா? எல்லையைத் தாண்டினால் என்ன செய்வீர்கள்: மேல் பிரிவில் இடம் தருவீர்களா, கட்டிய பணம் திரும்ப வருமா? இந்த இரண்டுக்கும் வாயால் சொல்வதை வாங்கிக்கொண்டு வராதீர்கள், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

4. கிட்: பூட்ஸ் வாங்கும் முன் தரை என்ன என்று கேளுங்கள்

அறிவிப்பில் "பூட்ஸ்" என்றுதான் இருக்கும். எந்தத் தரை என்று இருக்காது. செயற்கைப் புல் டர்ஃபா, இயற்கைப் புல்லா, நம் ஊர் இறுகிய மண் மைதானமா? மூன்றுக்கும் மூன்று அடிப்பாகம்.

பெட்டியில் எஃப்ஜி என்று போட்டிருப்பது நல்ல புல்தரைக்கானது. முளைகள் நீளமாக, குறைவான எண்ணிக்கையில் இருக்கும். டிஎஃப் என்பது அடியெல்லாம் சின்னச் சின்ன ரப்பர் புள்ளிகள் கொண்டது. டர்ஃபுக்கும் இறுகிய மண்ணுக்கும் இதுவே வசதி. காய்ந்த மண்ணில் எஃப்ஜி போட்டு ஓடினால் முளை தரைக்குள் இறங்காது, உடம்பின் பாரம் முழுக்கக் குதிகாலில் ஏறும். எட்டிலிருந்து பதினான்கு வயது வரை குதிகால் எலும்பின் வளர்ச்சிக் குருத்து மென்மையாக இருக்கும். அந்த வயதுப் பிள்ளை ஆட்டம் முடிந்ததும் முன்பாதத்தை ஊன்றி நொண்டி நடந்தால், "சுளுக்கு" என்று எண்ணெய் தேய்ப்பதோடு விடாமல் பூட்ஸின் அடியைப் பாருங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். உலோக முளை வைத்த பூட்ஸை எந்த டர்ஃபிலும் உள்ளே விட மாட்டார்கள்.

சென்னையில் பெரியமேட்டில், நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி விளையாட்டுச் சாமான் கடைகள் நிறைய உண்டு. நேரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், ஆட்டத்துக்குப் போடும் நீளமான சாக்ஸையும் கையோடு எடுத்துப்போங்கள். "வளர்ற பையன்" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் பந்தைத் தொடும் உணர்வே போய்விடும். விரல் நுனிக்கு முன் அரை விரல் இடம் போதும். புதுப் பூட்ஸை ட்ரயல் அன்று முதல்முதலாகப் போட வைக்காதீர்கள். ஒரு வாரமாவது போட்டு ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பதினைந்து நிமிஷத்தில் குதிகால் கொப்பளித்துவிடும்.

ஷின் கார்டு இல்லாமல் ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள். விதியே அப்படி. அதே விதிதான் நகை எதையும் அனுமதிப்பதில்லை, மேலே டேப் ஒட்டி மறைப்பதையும் ஏற்பதில்லை. கம்மல், மூக்குத்தி, வளையல், செயின், கையில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாம் இதில் வரும். பெண் பிள்ளைகளுக்குச் சித்திரையில் காது குத்தி வைகாசியில் ட்ரயலுக்கு அழைத்துப் போனால் கம்மலைக் கழற்றவும் முடியாது, ஆடவும் முடியாது. அப்படி ஒரு பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். தேதியைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

ஜெர்சி எதுவாகவும் இருக்கலாம், மேலே பிப் தருவார்கள். கோல்கீப்பர் என்றால் கையுறையும் முழுக்கால் சட்டையும் உங்களுடையதே. பந்து கொண்டுபோகத் தேவையில்லை. வீட்டில் பழகும் பந்தின் அளவை மட்டும் சரிபாருங்கள்: சுமார் 8 முதல் 12 வயது வரை 4-ஆம் நம்பர், அதற்கு மேல் 5-ஆம் நம்பர்.

5. தேர்வு நடக்கும் விதம்

"காலை 6.00 ரிப்போர்ட்டிங்" என்றால் ஆறு மணிக்கு ஆட்டம் என்று அர்த்தமில்லை. ஆறு மணிக்கு மேஜை. சான்றிதழ் பார்த்து, நெஞ்சு எண் கொடுத்து, குழு பிரித்து, வார்ம்-அப் முடிய ஏழு ஆகிவிடும். கூட்டம் அதிகம் என்றால் உங்கள் பிள்ளையின் குழுவுக்கு ஒன்பதரை மணி வெயிலில்தான் வாய்ப்பு வரும். அதனால் வெறும் வயிற்றோடு அழைத்துப் போகாதீர்கள். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், பையில் இரண்டு இட்லி, நிறையத் தண்ணீர். வரிசையில் முன்னால் நின்றால் பெரும்பாலும் முதல் குழுவில் விழும்.

பதிவுப் படிவத்தில் "பொசிஷன்" என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் ஸ்ட்ரைக்கர் என்று எழுதுவார்கள். அதனால் இருபது பேரில் பதினைந்து பேர் முன்னால் நிற்க, பந்து யாருக்கும் வராது. பிள்ளை உண்மையிலேயே ஆடிப் பழகிய இடத்தை முதலாவதாகவும், சமாளிக்கக்கூடிய இன்னொரு இடத்தை இரண்டாவதாகவும் எழுதச் சொல்லுங்கள். இடது காலால் ஆடுகிற பிள்ளை என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். இடது பேக், இடது விங் இரண்டுக்கும் ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம்.

முதல் கட்டத்தில் சிறு ஆட்டங்கள் வைப்பார்கள், நான்குக்கு நான்கு, ஐந்துக்கு ஐந்து என்று. ஒரு பிள்ளைக்கு மொத்தம் இருபது நிமிஷம் கிடைத்தால் அதிகம். இரண்டாம் கட்டத்துக்குக் கூப்பிட்டால் பெரிய மைதானத்தில் முழு ஆட்டம், சில இடங்களில் ஓட்டப் பரிசோதனையும் இருக்கும். வெளியே நிற்கும் நமக்குக் கோல் மட்டும்தான் தெரியும். கோச்சுகள் பார்ப்பது வேறு. பந்து வருவதற்கு முன்னால் பிள்ளை தோளுக்கு மேல் திரும்பிச் சுற்றிப் பார்க்கிறானா? முதல் தொடுதலில் பந்து காலுக்கடியிலேயே நிற்கிறதா, அடுத்து ஆடவேண்டிய திசைக்குப் போகிறதா? பந்தைப் பறிகொடுத்த அடுத்த இரண்டு மூன்று விநாடியில் என்ன செய்கிறான், நின்று தலையில் கை வைக்கிறானா, திரும்பி ஓடுகிறானா? ஐந்து பேரைக் கடைந்துகொண்டு போய் ஆறாவது ஆளிடம் பந்தை விடும் பையனைவிட, இரண்டே தொடுதலில் சரியான ஆளுக்குக் கொடுத்துவிட்டு இடம் மாறி நின்ற பையனின் எண்ணைக் குறித்துக்கொண்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ட்ரயலுக்கு முந்தைய வாரங்களில் பிள்ளையிடம் இந்த மூன்றை மட்டும் பேசுங்கள். புதுத் தந்திரம் எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

கம்பி வேலிக்கு வெளியே நின்று "ஷூட் பண்ணு, ஷூட் பண்ணு" என்று கத்துவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளை கோச் சொல்வதைக் கேட்பதா உங்களைக் கேட்பதா என்று தடுமாறும், அதையும் குறித்துக்கொள்கிறார்கள்.

6. "செலக்டட்" என்று வந்தால், எதற்கு என்று கேளுங்கள்

மிகப் பெரிய பொறி இதுதான். பல அகாடமிகளில் இரண்டு விதமான சேர்க்கை உண்டு. ஒன்று, லீக்கில் ஆடும் அணி. மற்றது, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிச் சேரக்கூடிய பயிற்சி பேட்ச். இரண்டாவதற்கு ட்ரயலே தேவையில்லை. ஆனால் ட்ரயலுக்கு வந்த அத்தனை பேருக்கும் "வாழ்த்துகள், உங்கள் பிள்ளை தேர்வாகியிருக்கிறார்" என்று ஒரே மெசேஜ் போய், கீழே "இன்று மாலைக்குள் கட்டணம் செலுத்தவும்" என்றிருக்கும். எங்களுக்கும் ஓரிடத்திலிருந்து அப்படித்தான் வந்தது. எந்த அணி என்று கேட்டபோது "டெவலப்மெண்ட் ஸ்குவாட்" என்றார்கள். அந்த ஸ்குவாட் எந்தப் போட்டியில் ஆடும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

பயிற்சி பேட்ச் கெட்டது என்று சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும், அவ்வளவுதான். பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: எந்த அணி? இந்த வருஷம் எந்த லீக்? போன வருஷம் அதே பிரிவில் எத்தனை போட்டி ஆடினீர்கள்? ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள்? தினமும் களத்தில் நிற்கப்போகும் கோச்சிடம் என்ன லைசென்ஸ்? இந்தியாவில் இ, டி, சி, பி, ஏ என்று அது மேலே போகும். போஸ்டரில் படம் போட்ட பெரிய கோச் ஒருவர், பயிற்சி கொடுப்பவர் இன்னொருவர் என்பது வெகு சாதாரணம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அகாடமிகளுக்கு நட்சத்திர அளவில் அங்கீகாரம் தருகிறது. அப்படி இருப்பதாகச் சொன்னால் எந்த வருஷத்துக்கு என்று கேளுங்கள், கூட்டமைப்பு வெளியிடும் பட்டியலில் பெயரைச் சரிபாருங்கள்.

"நம்ம அகாடமியில சேர்ந்தா பதினஞ்சு வயசுல ஐரோப்பா கிளப்புக்கு அனுப்புவோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஃபிஃபா விதிப்படி 18 வயது நிரம்பாத வீரரைப் பன்னாட்டு மாற்றலில் எடுக்கவே கூடாது. சில விலக்குகள் உண்டு, பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்வது போல. அகாடமிக்குக் கட்டும் பணத்தால் கிடைக்கும் விலக்கு என்று ஒன்று இல்லை.

7. கட்டணம்: "முதல்", "தனி", "+ வரி" என்ற சொற்களுக்குப் பேனாவை எடுங்கள்

மாதிரி அறிவிப்புக்குத் திரும்புவோம். "மாதம் ரூ. 3,000 முதல்" என்பதில் "முதல்" என்ற சொல்லுக்கு, வாரம் இரண்டு நாள் பேட்ச் என்று அர்த்தமிருக்கலாம். அணிக்கான நான்கு நாள் பயிற்சிக்கு வேறு தொகை இருக்கலாம். அதை முதலில் கேளுங்கள். 3,000-மே சரி என்று வைத்துக்கொண்டு, போனில் விசாரித்ததில் அட்மிஷன் 5,000, கிட் 3,500 என்று சொன்னதாக வைப்போம்.

பன்னிரண்டு மாதம் 36,000. அட்மிஷனோடு 41,000. இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 7,380. கிட் 3,500, ட்ரயல் பதிவு 500, இரண்டும் வரி உள்ளடக்கியது என்று கொள்வோம். மொத்தம் ரூ. 52,380. மாதத்துக்குப் பிரித்தால் 4,365. போஸ்டரில் தெரிந்தது 3,000. இதில் பூட்ஸ் சேரவில்லை. வளரும் பிள்ளைக்கு வருஷத்துக்கு இரண்டு ஜோடி வேண்டியிருக்கும். வெளியூர்ப் போட்டிக்கான பயணம், சாப்பாடு, தங்கும் செலவும் சேரவில்லை. தேர்வு மாதமான மார்ச்சிலும், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மே மாதத்திலும் பிள்ளை வராவிட்டாலும் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பல இடங்களில் உண்டு.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா அகாடமியும் ஜிஎஸ்டி வாங்க முடியாது. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு செய்யாத அகாடமி வரி என்று ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. வருமான வரிச் சட்டத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் விளையாட்டுப் பயிற்சிக்கு வரிவிலக்கு உண்டு. வரி போட்டிருந்தால் ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33-இல் தொடங்கும். ரசீதே இல்லாமல் தனிநபரின் ஜிபே எண்ணுக்கு "ஃபீஸ் + ஜிஎஸ்டி" கேட்டால் கொடுக்காதீர்கள்.

கையில் அவ்வளவு வசதி இல்லை என்றால் அரசு வழி இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் கால்பந்தும் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள், அறிவிப்பு பொதுவாகக் கோடை விடுமுறையை ஒட்டி sdat.tn.gov.in தளத்தில் வரும். முதலில் மாவட்டத் தேர்வு, அப்புறம் மாநிலத் தேர்வு. தனியார் அகாடமியில் பணம் கட்டும் முன் இந்த அறிவிப்பின் தேதியைப் பார்த்துவிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வாரங்களில் வருவதால், இதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம்தான்.

8. கையெழுத்துப் போடும் நாள்

லீக் அணியில் இடம் கிடைத்தால் அகாடமி உங்கள் பிள்ளையைக் கூட்டமைப்பின் சிஆர்எஸ் என்ற இணையப் பதிவில் ஏற்றும். ஒரு வீரர் ஒரு நேரத்தில் ஒரே கிளப்பில்தான் பதிவாகியிருக்க முடியும். பதிவான பிறகு வேறு இடத்துக்குப் போக நினைத்தால், முதல் கிளப் விடுவிக்க வேண்டும் அல்லது மாற்றலுக்கான நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு மூன்று இடங்களில் ட்ரயல் போகத் தடையில்லை, ஆனால் எல்லா முடிவும் தெரிவதற்கு முன் எந்தப் பதிவுப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்று நீட்டும் தாளையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். இரண்டு நாள் அவகாசம் தராத இடம், பிள்ளையை விடுவிக்கச் சொல்லும்போது இன்னும் கடினமாக நடந்துகொள்ளும்.

கையெழுத்துப் போடும்போது நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: அணியின் பெயரும் பிரிவும், ஒப்பந்தம் எத்தனை மாதம், பிள்ளைக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, விலகினால் தடையில்லாச் சான்று எத்தனை நாளில் தருவார்கள். பிறப்புச் சான்றிதழின் ஒரிஜினலை எக்காரணம் கொண்டும் அலுவலகத்தில் விட்டு வராதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகலில் "லீக் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.